சம்பளம் வராத ஊழியர்கள்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கனடா நாட்டு மத்திய அரசு 2016 பிப்ரவரி 24 அன்று தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போட ஒரு புதிய கணினி முறையைத் தொடங்கியது. அதன் பெயர் பீனிக்ஸ். முதல் கட்டத்தில் 34 துறைகள், சுமார் 1.2 லட்சம் ஊழியர்கள். ஏப்ரல் 21 அன்று மீதமிருந்த 67 துறைகளும் சேர்ந்தன. மொத்தம் 101 துறைகள், 2.9 லட்சம் பேர். சில வாரங்களிலேயே புகார்கள் குவியத் தொடங்கின. சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைந்து வந்தது. சிலருக்கு அதிகமாக வந்து, பிறகு அதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 2017 ஜூன் முடிவில், தங்கள் சம்பளத்தில் ஏதோ ஒன்றைச் சரிசெய்யச் சொல்லிக் காத்திருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தவறாகக் கொடுக்கப்பட்டதும் கொடுக்காமல் விட்டதுமாகச் சேர்ந்து நிலுவையில் நின்ற பிழைகளின் மதிப்பு 52 கோடி கனடிய டாலரைத் தாண்டியது.

ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சப்படுத்தும் என்று சொல்லித் தொடங்கிய திட்டம் இது.

மென்பொருள் கெட்டுப்போனது என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. கனடாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மைக்கேல் பெர்குசன் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, திட்டத்தை நடத்திய விதத்திலும் அதை மேற்பார்வை பார்த்த விதத்திலும் நேர்ந்த, புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று இதைக் குறிப்பிட்டது. பெரிய திட்டம் ஒன்றில் எந்த முடிவை யார் எடுக்க வேண்டும், யார் யாரிடம் எதைச் சொல்லியே ஆக வேண்டும், யாருக்கு ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஒரு கதையிலிருந்தே தெளிவாகப் பார்க்கலாம். அரசு அலுவலகமானாலும் தனியார் நிறுவனமானாலும், லட்சக்கணக்கானவர்களைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் கேள்விகள் உண்டு.

முதலில் பாத்திரங்களைத் தெரிந்துகொள்வோம். ஒரு திட்டத்துக்குப் பணம் வாங்கித் தந்து, அது எதற்காக நடக்கிறதோ அந்தப் பலனுக்குப் பொறுப்பேற்பவர் ஸ்பான்சர். குறித்த பணத்தில், குறித்த நாளுக்குள், குறித்த வேலையை முடித்துக் கொடுப்பவர் திட்ட மேலாளர். இருவருக்கும் இடையே, திட்டத்தை வழிநடத்த ஸ்டீரிங் கமிட்டி என்று ஒரு குழு இருக்கும். பிரிட்டிஷ் அரசுத் துறைகளில் உருவாகி இன்று பல நாடுகளில் புழங்கும் பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறை, இந்தக் குழுவில் மூன்று தரப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. பணத்துக்கும் பலனுக்கும் பொறுப்பான ஸ்பான்சர் ஒருவர். முடிந்த பொருளை அன்றாடம் பயன்படுத்தப் போகிறவர்களின் சார்பில் ஒருவர். அதைச் செய்து தருபவர்களின் சார்பில் ஒருவர். திட்ட மேலாளர் இந்தக் குழுவின் உறுப்பினர் அல்ல. அவர் குழுவிடம் வந்து நிலைமையைச் சொல்கிறவர்.

வீடு கட்டும்போது இது நமக்கு இயல்பாகவே தெரியும். மேஸ்திரி செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை என்று முடிவு செய்யலாம். ஆனால் போட்ட மதிப்பீட்டில் வீடு முடியாது என்று தெரிந்ததும், வீட்டுக்காரரைக் கேட்காமல் அவராகவே மாடிப்படியை விட்டுவிட்டுக் கட்டினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். பீனிக்ஸ் திட்டத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

கனடா அரசின் பழைய சம்பள முறைக்கு வயது நாற்பது. அதை மாற்றும் முயற்சி 2009-ல் தொடங்கியது. இரண்டு வேலைகள் ஒன்றாகக் கட்டப்பட்டன. ஒன்று, 46 துறைகளில் தனித்தனியாக இருந்த சம்பளப் பிரிவுகளை மூடிவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரில் ஒரே மையமாக்குவது. இன்னொன்று, புதிய மென்பொருளை உருவாக்குவது. இரண்டுக்கும் சேர்த்து 31 கோடி டாலர். அதில் மென்பொருளுக்கான பங்கு 15.5 கோடி. பொறுப்பேற்றது அரசுக்கான கொள்முதலையும் பொதுச் சேவைகளையும் கவனிக்கும் துறை. அதன் நிர்வாகத் தலைவரைக் கனடாவில் துணை அமைச்சர் என்பார்கள். அவர் அரசியல்வாதி அல்ல, நம் ஊர் துறைச் செயலாளரைப் போன்ற மூத்த அதிகாரி. அதனால் இங்கே அவரைச் செயலாளர் என்றே சொல்கிறேன். நான் மேலே சொன்ன கணக்கில் ஸ்பான்சரின் இடம் அவருடையது. அவருக்குக் கீழே திட்டத்தை நேரடியாக நடத்திய சில உயர் அதிகாரிகளைத் தணிக்கை அறிக்கை ‘பீனிக்ஸ் அதிகாரிகள்’ என்று அழைக்கிறது. திட்ட மேலாளரின் இடம் அவர்களுடையது.

மென்பொருளை வடிவமைத்துப் பொருத்தித் தர ஐபிஎம் நிறுவனத்துடன் 2011-ல் ஒப்பந்தம் ஆனது. சந்தையில் கிடைக்கும் ஒரு மென்பொருளை எடுத்து, கனடா அரசின் விதிகளுக்கு ஏற்ப மாற்றுவது வேலை. அந்த விதிகள் சுமார் 80,000. நூற்றுக்கும் மேற்பட்ட ஊதிய ஒப்பந்தங்களிலிருந்து பிறந்தவை அவை. சிறைக் காவலரின் இரவுப்பணிப் படி, கடலோரக் காவல் கப்பலில் இருப்பவரின் வேலைநேரக் கணக்கு என்று ஒவ்வொன்றும் தனி ரகம்.

திட்டமிடும் கட்டம் முடிந்ததும், 2012-ன் முற்பகுதியில், ஐபிஎம் தன் கணக்கைச் சொன்னது. கேட்டதையெல்லாம் செய்ய 27.4 கோடி டாலர் ஆகும். கையில் இருந்ததோ 15.5 கோடி. இடைவெளி 11.9 கோடி, அதாவது ஒப்புதல் பெற்ற தொகையில் முக்கால் பங்குக்கும் மேல்.

என் பார்வையில் பீனிக்ஸின் தலைவிதி முடிவானது இந்த இடத்தில்தான். 2016-ல் நடந்ததெல்லாம் இதன் விளைவு. எந்தத் திட்ட முறையை எடுத்துக்கொண்டாலும், மேலாளருக்கு ஓர் எல்லை வகுத்துத்தான் வேலை கொடுப்பார்கள். செலவில் இத்தனை சதவீதம், நாளில் இத்தனை வாரம் கூடலாம் குறையலாம், அதற்குள் நீயே சமாளித்துக்கொள். அந்த எல்லையைத் தாண்டப் போகிறது என்று கணக்குச் சொன்ன உடனே, தாண்டும்வரை காத்திராமல், அவர் எழுத்தில் மேலே தெரிவிக்க வேண்டும். என்ன நேர்ந்தது, என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எது போகும், தன் பரிந்துரை எது என்று அந்தக் கடிதம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு முடிவு மேலாளருடையது அல்ல. கூடுதல் பணம் கேட்பதா, காலத்தை நீட்டுவதா, வேலையைக் குறைப்பதா, திட்டத்தையே கைவிடுவதா என்பதை ஸ்பான்சரும் ஸ்டீரிங் கமிட்டியும்தான் தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் இழப்பைச் சுமக்கப் போவது அவர்களும் அவர்கள் சார்ந்த மக்களும்தான்.

பீனிக்ஸ் அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்டுக் கருவூல வாரியத்திடம் திரும்பிப் போகவில்லை. 15.5 கோடிக்குள் அடக்க மூன்று வெட்டுகளைச் செய்தார்கள். மென்பொருள் செய்ய வேண்டிய வேலைகளில் சிலவற்றை நீக்கினார்கள், சிலவற்றைத் தள்ளிப்போட்டார்கள். உருவாக்கும் காலத்தைச் சுருக்கினார்கள். வேலை செய்யும் ஆட்களைக் குறைத்தார்கள். வேலைப்பளு கூடிய திட்டத்தில் நேரமும் ஆளும் சேர்ந்தே குறைந்தால் என்னவாகும் என்பதை ஊகிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை.

நீக்கியவற்றில் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். முன்தேதியிட்ட சம்பளம், அதாவது அரியர்ஸ் கணக்கு. ஊதிய உயர்வு ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தானால் பழைய மாதங்களுக்கான வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் தர வேண்டும். ஒருவர் சில மாதங்கள் மேல்பதவியைக் கூடுதலாகக் கவனித்து, அந்தத் தாள் பிறகு வந்து சேர்ந்தாலும் இதே கணக்குதான். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது எப்போதாவது வரும் சங்கதி அல்ல என்று தெரியும். இதைப் புதிய முறை தானாகச் செய்யாது என்று ஆனதும், ஒவ்வொரு கோப்பையும் மனிதர்கள் கையால் கணக்கிட வேண்டியதாயிற்று. ஆனால் அந்த மனிதர்கள்? புதிய முறை எல்லாவற்றையும் தானாகச் செய்யும் என்ற நம்பிக்கையில்தானே பழைய துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பளப் பணியிடங்கள் நீக்கப்பட்டு, மிராமிச்சியில் 550 பேர் மட்டும் அமர்த்தப்பட்டிருந்தார்கள். அனுபவமுள்ளவர்களில் பெரும்பாலோர் ஊர் மாறிப் போகவில்லை. மென்பொருளில் வெட்டியபோது, ஆட்குறைப்புக் கணக்கை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இடம் திட்ட மேலாளரின் மேசை அல்ல, அதற்கும் மேலே உள்ள இடம். அங்கே அது பார்க்கப்படவில்லை.

ஸ்டீரிங் கமிட்டி என்ற ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மாதம் ஒருமுறை கூடிப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குப் படம் போட்ட அறிக்கையைப் பார்த்துத் தலையசைப்பதற்கு ஒரு குழு தேவையில்லை. வேலையின் அளவை மாற்றும் ஒவ்வொரு முடிவும் அதன் முன் வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் சம்பளப் பிரிவில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் சார்பில் ஒருவர், “இது இல்லாமல் என்னால் சம்பளம் போட முடியாது” என்று சொல்லவும், அப்படிச் சொன்னால் முடிவு நிற்கவும் வேண்டும். கனடாவில் துறைகளுக்குத் தகவல் சொல்லும் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. ஆனால் தகவல் கேட்டுக்கொள்ளும் குழுவும் முடிவெடுக்கும் குழுவும் ஒன்றல்ல. கூட்டக் குறிப்பைப் படித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ‘குழு கவனத்தில் கொண்டது’ என்றே வரிக்கு வரி எழுதியிருந்தால், அந்தக் குழு திட்டத்தை வழிநடத்தவில்லை.

அடுத்து சோதனை. ஒரே ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம் இருந்தது. 2015 ஜூனில் அது கைவிடப்பட்டது. முக்கியமான வேலைகளிலேயே பெரிய பிழைகள் இருந்தன, முறை நிலையாக ஓடவில்லை என்பது காரணம். சரிசெய்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்றால், தொடங்கும் நாள் தள்ளிப்போகும். எனவே முன்னோட்டம் இல்லாமலே போவது என்று முடிவானது. எதைக் கண்டுபிடிப்பதற்காக முன்னோட்டம் வைத்தார்களோ, அது கண்டுபிடிக்கப்பட்டதாலேயே முன்னோட்டம் ரத்தானது. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் கேட்டிருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த நிலை வந்தால் தொடங்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோமா?

அந்த எழுத்து மிக முக்கியம். தொடங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே, நாள் நெருங்கும் பதற்றம் இல்லாத நேரத்தில், அளவுகோலை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழைய முறையும் புதிய முறையும் ஒரே மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? சோதனையில் தோற்ற எந்தெந்த வேலைகள் மறுபடி சோதிக்கப்பட்டு வெல்ல வேண்டும்? சம்பளப் பிரிவினர் ஒரு நாளில் எத்தனை கோப்புகளை முடிக்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும்? இவை எழுதப்படாவிட்டால், கடைசி வாரத்தில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். பீனிக்ஸை முழுமையாக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. தோற்ற சில வேலைகளை மறுபடி சோதிக்காமலே தொடங்கினார்கள். பெரிய சிக்கல் வந்தால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டமும் கையில் இல்லை.

இவ்வளவும் நடக்கையில் செயலாளருக்குத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். அறிக்கையின் மிக வலுவான பகுதி இதுதான். செயலாளருக்குத் திட்டத்தின் நிலையைச் சொன்னவர்கள் பீனிக்ஸ் அதிகாரிகள். அவர்களைத் தாண்டி, அவர்கள் சொல்வது சரிதானா என்று பார்த்துச் சொல்ல அவருக்கென்று தனி வழி எதுவும் இல்லை. 2016 ஜனவரியில் 14 துறைகளும் அமைப்புகளும் பெரிய கவலைகளைத் தெரிவித்திருந்தன. பீனிக்ஸ் அதிகாரிகளோ, முறை தயார் என்றே மேலே சொன்னார்கள். வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைத்து மதிப்பீடும் செய்தார்கள். ஆனால் எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று வகுத்ததே மதிப்பீட்டுக்கு உள்ளாக வேண்டியவர்கள்தான். பயன்படுத்தப் போகும் துறைகளின் குரல் அதில் இல்லை. கருவூல வாரியத்தின் செயலகம் தனியாக ஒரு மதிப்பீட்டை ஏற்பாடு செய்தது. கார்ட்னர் நிறுவனம் செய்த அந்த மதிப்பீடு அபாயங்களைத் தெளிவாகவே எடுத்துக்காட்டியது. அது சம்பந்தப்பட்ட துறையிடம் வந்து சேர்ந்தது பிப்ரவரியில், தொடங்குவதற்கு இரண்டு வாரங்களே இருந்தபோது.

தணிக்கை அறிக்கை, தொடங்கும் முடிவு நியாயமற்றது என்று சொல்லி, அந்த முடிவைப் பீனிக்ஸ் அதிகாரிகள்மேல் வைத்தது. முறை என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, பணமும் நாளுமே அவர்கள் கண்ணில் பெரிதாகத் தெரிந்தன என்றது. இந்தத் தீர்ப்பை நான் முழுதாக ஏற்கிறேன். பதினான்கு துறைகள் கவலைப்படும்போது ‘தயார்’ என்று சொன்னவருக்குத் தப்பிக்க இடமில்லை. கெட்ட செய்தியை முழுமையாக, உரிய நேரத்தில் மேலே சொல்வது திட்ட மேலாளரின் முதல் கடமை. அதில் தவறியவர் வேறு எதைச் சாதித்திருந்தாலும் ஈடாகாது.

ஆனால் இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். ‘என்னிடம் சொல்லவில்லை’ என்பது ஸ்பான்சருக்குப் பதிலாக அமையாது. வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க முடியாது. செய்கிறவர்கள் பலர் இருக்கலாம். கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் இருக்க முடியும். அப்படிப் பதில் சொல்ல வேண்டியவர், தனக்கு உண்மை வந்து சேரும் வழியையும் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். திட்ட மேலாளர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் பிரச்சினையே இல்லை. நாளையும் பணத்தையும் வைத்து மதிப்பிடப்படுகிற எவருக்கும், நிலைமையை நம்பிக்கையோடு பார்க்கும் சாய்வு இருக்கும். அவர் ஒருவர் வாயால் மட்டுமே நிலைமையைத் தெரிந்துகொள்வது என்று ஏற்பாடு செய்த பிறகு, ஸ்பான்சர் அந்தச் சாய்வையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். செயலாளர், திட்டத்தைச் சாராத ஒருவரை நியமித்து, அறிக்கை தனக்கு நேரடியாக வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கலாம். துறையின் உள்தணிக்கைப் பிரிவை அனுப்பியிருக்கலாம். மிராமிச்சிக்கே போய், சம்பளம் போடுகிறவர்களின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம்.

ஸ்பான்சருக்கும் மேலாளருக்கும் இடையே பொறுப்பைப் பிரிப்பதில் ஒரு கடினமான இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உயர் அதிகாரிகள் எல்லா நுணுக்கங்களிலும் தலையிட்டால் எந்தத் திட்டமும் நகராது. மேலாளருக்குச் சுதந்திரம் வேண்டும். அதனால்தான் எல்லை வகுப்பது அவ்வளவு முக்கியமாகிறது. எல்லைக்குள் நடப்பதில் ஸ்பான்சர் தலையிடக் கூடாது. எல்லை தாண்டும்போது மேலாளர் தானாக முடிவெடுக்கக் கூடாது. 2012-ல் இந்தக் கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாததால்தான், 11.9 கோடி டாலர் இடைவெளியைக் கீழே இருந்தவர்களே அடைத்துவிட முடிந்தது. அடைத்த விதம் சரியா என்று கேட்க மேலே யாரும் இல்லை.

2018 அறிக்கையின் பரிந்துரைகள் இந்த ஓட்டையைத்தான் குறிவைத்தன. அரசு முழுவதற்குமான கணினித் திட்டங்களுக்கு, தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு முக்கியக் கட்டத்திலும் சுயேச்சையான மதிப்பீடு கட்டாயம் வேண்டும் என்றும், அது பொறுப்பான செயலாளரின் கைக்கு வர வேண்டும் என்றும் அறிக்கை கேட்டது. திட்டத்தின் பாதிப்பைச் சுமக்கப் போகும் மற்ற துறைகளின் தலைவர்களுக்கும் மேற்பார்வையில் இடம் வேண்டும் என்றது.

இதற்கெல்லாம் ஆன விலையையும் பார்க்கலாம். பீனிக்ஸை நிலைநிறுத்தவும் பதிலுக்கு வேறொன்றைக் கொண்டுவரவும் 2023 வரை 260 கோடி டாலர் ஆகக்கூடும் என்று கனடா நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலர் 2019-ல் கணக்கிட்டார். 2012-ல் கேட்கப்படாமல் விட்ட கூடுதல் தொகையைப் போல அது இருபது மடங்குக்கும் மேல். கூடுதல் பணம் கேட்டிருந்தால் கருவூல வாரியம் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் திட்டம் சிறிதாகியிருக்கும், அல்லது நின்றுபோயிருக்கும். பழைய முறை இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும், ஊழியர்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.